128 ஜிபி போனும் மாதாந்திர கேலரி ஒதுக்கலும்

"அந்த மாடல் விலை இறங்கியிருக்குக்கா, 128 ஜிபி போதுமா?" என்று சித்தப்பா மகன் கேட்டான். சில வருடங்களாக நான் வைத்திருக்கும் அதே போன். கேமரா, பேட்டரி பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், அதில் எனக்கும் குறை இல்லை. என்னைப் படுத்துவது இதன் கேலரிதான். மகள் ஆண்டுவிழாவில் ஆடிய படத்தைத் தேடிப் போனால் கேஸ் புக்கிங் ஸ்கிரீன்ஷாட், ரோஜாப்பூ காலை வணக்கம், பேருந்து நேர அட்டவணை, பிரதோஷப் படம் எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. போனே தரும் 'சுத்தம் செய்' வசதி இன்னும் மோசம். பழைய ஸ்கிரீன்ஷாட்டை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து அழிக்கட்டுமா என்று கேட்கிறது. அம்மாவின் மருந்துச் சீட்டும் அதில்தான் இருக்கிறது. அந்த அறிவிப்பைப் பார்த்தாலே கோபம் வருகிறது.

அதனால் மாதக் கடைசி ஞாயிறு அரை மணி நேரம் ஒதுக்கி நானே பார்த்துவிடுகிறேன். நடப்பு மாதத்தைத் தொடமாட்டேன், முந்தைய மாதம் மட்டும்தான். காரணம் உண்டு. யுபிஐயில் பணம் பிடித்தும் எதிராளிக்குப் போய்ச் சேராவிட்டால், தனிநபருக்கு அனுப்பியது மறுநாளுக்குள்ளும், கடைக்குக் கட்டியது ஐந்து நாளுக்குள்ளும் திரும்ப வர வேண்டும். ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதி அது. ஆக ஒரு மாதம் தாண்டிய பின் காய்கறிக் கடையில் கட்டிய ரசீதுப் படத்துக்கு வேலை இல்லை. நடப்பு மாதப் படத்துக்கு இருக்கலாம்.

முதலில் ஸ்கிரீன் ரெக்கார்டிங். எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் இடத்தை அடைப்பது இதுதான். என் போனில் பதிவின் தரம் 16 Mbps, அதாவது நொடிக்கு 16 மெகாபிட் என்று இருந்தது. எட்டு பிட் ஒரு பைட், அப்படியென்றால் நிமிடத்துக்கு 120 எம்பி. ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி என்று அம்மாவுக்குக் காட்ட நாலு நிமிடம் பதிவு செய்தால் அரை ஜிபி கிட்டே போய்விடும். ரெக்கார்டர் செட்டிங்ஸில் 4 Mbps ஆக்கினேன், எழுத்து தெளிவாகவே தெரிகிறது, அளவு கால்வாசி ஆனது. அனுப்பி, அம்மா பார்த்துவிட்டதாகச் சொன்னதும் மூலத்தை அழிக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் தான் அனுப்பியதற்கு ஒரு நகலைத் தனியாக வைத்துக்கொள்ளும். அது கேலரியில் தெரியாது. ஃபைல் மேனேஜரில் இந்த வழியாகப் போனால் கிடைக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Video/Sent
```

கேலரி காலியாகத் தெரிந்தும் காலி இடம் கூடவில்லை என்று குழம்புபவர்கள் இந்த Sent ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டும். படங்களுக்கும் WhatsApp Images உள்ளே இதே மாதிரி ஒன்று உண்டு.

அடுத்து ஸ்கிரீன்ஷாட். இந்த போனில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் இங்கேதான். எந்த ஆப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறது. ஒன்றைத் தொட்டு விவரம் பார்த்தால் தேதி, நேரம், கடைசியில் `com.phonepe.app` என்று இருக்கும். கூகுள் பேயில் எடுத்தது என்றால் `com.google.android.apps.nbu.paisa.user`. ஆக கண்ணால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதே இல்லை. ஃபைல் மேனேஜரின் தேடலில் `paisa` என்று போட்டால் கூகுள் பே ரசீதுகள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். `phonepe` என்று போட்டால் அவை. தேதிவாரியாக அடுக்கி, நீளமாக அழுத்தித் தேர்ந்தெடுத்து அழிப்பேன்.

அப்படி ஒரு மாதத்தில் `paisa` போட்டுப் பார்த்ததில் பால், ஆட்டோ, ரீசார்ஜ் எல்லாம் போக, வீட்டு வாடகையும் தோழிக்குக் கைமாற்றாகக் கொடுத்ததும் வைக்க வேண்டியவையாக நின்றன. இரண்டையும் 'வைக்க' என்ற ஆல்பத்துக்கு நகர்த்தினேன். நகர்த்தும் முன் படத்தில் 12 இலக்க யுடிஆர் எண் முழுதாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு வங்கியில் கேட்டால் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். பச்சை டிக் மட்டும் இருக்கும் படத்தை வைத்திருந்து பயனில்லை. கரண்ட் பில்லுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுப்பதையே விட்டுவிட்டேன், ரசீதை பிடிஎஃப் ஆக இறக்கிவிடுகிறேன்.

எல்லா போனிலும் இப்படிப் பெயர் வராது, சிலதில் தேதியும் நேரமும் மட்டும்தான் இருக்கும். உங்களுடையதில் ஒன்றைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஃபார்வர்டு படங்களைக் கேலரியில் கை வைக்கவே மாட்டேன். அங்கே குடும்ப குரூப்பில் வந்த காதுகுத்துப் படமும் வெள்ளிக்கிழமை அம்மன் படமும் ஒரே ஃபோல்டரில், `IMG-20240614-WA0017.jpg` மாதிரி ஒரே சாடைப் பெயரில் கிடக்கின்றன. அவசரத்தில் எது போகும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பிலேயே Settings, Storage and data, Manage storage என்று போனால் Forwarded many times என்று ஒரு தொகுப்பு இருக்கும். ஐந்து கையாவது மாறி வந்தவைதான் அதில் சேரும். அத்தை தன் போனில் எடுத்து நேரே குரூப்பில் போட்ட பேரன் படம் அதில் வராது. அந்தத் தொகுப்பை மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு முழுதாக அழிக்கலாம். இரண்டே நிமிட வேலை.

இனி வருவதைக் குறைக்க, அந்த குரூப்பின் விவரப் பக்கத்தில் Media visibility என்பதை No என்று மாற்றியிருக்கிறேன். அதற்குப் பின் இறங்கும் படங்கள்தான் கேலரிக்கு வராமல் நிற்கும், ஏற்கெனவே வந்தது அப்படியே இருக்கும். படம் போனில் இறங்குவதையும் அது தடுக்காது. அதற்கு Media auto-download இல் டிக்கை எடுக்க வேண்டும்.

எல்லாம் முடித்துவிட்டு மீதி இடத்தைப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே எண் நிற்கும். கேலரியிலும் ஃபைல் மேனேஜரிலும் அழித்தவை 30 நாள் குப்பைத் தொட்டியில் போனிலேயே இருப்பதுதான் காரணம். ஒரு வாரம் விட்டு, எதுவும் தேவைப்படவில்லை என்றானபின் தொட்டியைக் காலி செய்கிறேன்.

போன் வேகம் குறையவில்லை, கோப்புப் பெயர் விஷயத்தில் இதற்கு நான் முழு மார்க் போடுவேன். ஆனாலும் தம்பியிடம் 128 ஜிபி வேண்டாம் என்றுதான் சொன்னேன். மெமரி கார்டு போட இடமில்லை, கேலரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறது, அந்த அரை மணி நேரத்தை மாதாமாதம் நான்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. நேற்றுதான் ஒதுக்கி முடித்தேன், அந்த அலுப்பு இன்னும் போகவில்லை. 256 வாங்கினாலும் கூகுள் போட்டோஸ் பேக்கப் வைத்திருந்தால் ஒன்றைக் கவனிக்கச் சொன்னேன்: ஃபைல் மேனேஜரில் அழித்தால் போனில் உள்ளது மட்டும்தான் போகும், மேலே ஏறிய நகல் ஜிமெயிலோடு பங்கு போடும் 15 ஜிபியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால் பேக்கப் பட்டியலில் ஸ்கிரீன்ஷாட் ஃபோல்டரையும் வாட்ஸ்அப் ஃபோல்டரையும் முதல் நாளே அணைத்துவிட வேண்டும், 'வைக்க' ஆல்பத்தை மட்டும் ஏற விடலாம்.