4,800 ரேண்ட் கொடுத்து என் முறுக்குக் கடையை யோகா வகுப்பாக்கிக்கொண்டேன்

கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். டர்பன் சாட்ஸ்வர்த்தில் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம் செய்து இன்ஸ்டாகிராம் வழியாக விற்கிறேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "உங்கள் பக்கத்தைச் சரிசெய்து தருகிறோம்" என்கிற ரகச் சேவை ஒன்றிடம் 4,800 ரேண்ட் ஏமாந்தேன். பெயர் சொல்லப் போவதில்லை.

நம்ப வைத்தது எது தெரியுமா? அவன் தமிழில் பேசினான். வீடியோ அழைப்பில் என் பக்கத்தைத் திறந்து ஐந்து விநாடி காட்டிவிட்டு மூடினான். "அக்கா, புதுசா வர்றவங்களுக்கு இவ்வளவு நேரம்தான் பொறுமை. நீங்க என்ன விக்கிறீங்க, எங்க, எப்படி வாங்கறது, மூணும் இதுக்குள்ள தெரியணும்" என்றான். சொன்னது சரிதான். இன்றைக்கும் சரிதான், அதுதான் எரிச்சல். அன்று மாலையே மொத்தப் பணத்தையும் இஎஃப்டி செய்து, பாஸ்வேர்டையும் கொடுத்தேன்.

நான்கு நாளில் "முடிந்தது" என்றான். அழகாகத்தான் இருந்தது. பயோவுக்கு 150 எழுத்துதான் இடம். அதை முழுக்கப் பாரம்பரியம், அன்பு, பயணம், ஆன்மா என்று ஆங்கிலத்தில் நிரப்பியிருந்தான். முறுக்கு என்ற சொல்லே இல்லை. சாட்ஸ்வர்த்தும் இல்லை. விலைப்பட்டியலும் வாடிக்கையாளர் சொன்னதும் இருந்த என் பழைய ஹைலைட்டுகளை எடுத்துவிட்டு, தங்க நிற வட்டங்களில் "என் கதை", "உணர்வு" என்று ஆங்கிலத்தில் இரண்டு வைத்திருந்தான்.

அவன் சோதனையையே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் செய்தேன். ஐந்து விநாடி காட்டி போனைத் திருப்பிக்கொண்டு, "நான் என்ன விற்கிறேன்?" என்றேன். "யோகா கிளாஸா ஆன்ட்டி?"

இதைவிட மோசம் லிங்க். முன்பு என் பயோவில் நேரடி வாட்ஸ்அப் லிங்க் இருந்தது. அதை எடுத்துவிட்டு, பல பட்டன்கள் உள்ள இடைப்பக்கம் ஒன்றைப் போட்டிருந்தான். ஆர்டர் பட்டன் அதில் நான்காவது! அதையும் அமுக்கினால் எண் செல்லாது என்று வருகிறது. இதை எனக்குச் சொன்னது மெரிபேங்க் ஆயா ஒருவர், அதுவும் தீபாவளி முடிந்த பிறகு, போன் போட்டுத் திட்டி. நாம் உள்ளூரில் எண்ணை 0 போட்டு எழுதுகிறோம் இல்லையா, அவன் அதை அப்படியே ஒட்டியிருக்கிறான். வாட்ஸ்அப் லிங்கில் 0 வரக் கூடாது, + குறியும் வரக் கூடாது. நாட்டு எண் 27, அதன் பின் மீதி ஒன்பது இலக்கம்:

```
https://wa.me/27XXXXXXXXX
```

நானே திருத்தலாம் என்று போனால், அந்த இடைப்பக்கம் அவன் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. என்னால் உள்ளே நுழையவே முடியாது.

கேட்டதற்கு முதலில் "டீம்ல சொல்றேன் அக்கா". மறுநாள் "அல்காரிதம் செட்டாக நாளாகும்". எண்ணில் ஒரு பூஜ்ஜியம் கூடுதலாக இருப்பதற்கும் அல்காரிதத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் லோட் ஷெடிங் என்றான். அன்றைக்கு அப்படி எதுவும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "வேலை டெலிவர் ஆயிடுச்சே" என்றான். அதன் பிறகு நீல டிக் மட்டும். 4,800 ரேண்ட். எத்தனை கிலோ முறுக்கு பிழிய வேண்டும், சொல்லுங்கள்.

நேற்றிரவு உட்கார்ந்து நானே மாற்றினேன், முக்கால் மணி நேரம் ஆனது. பெயர்ப் பகுதியில் கடைப் பெயரோடு "முறுக்கு, சாட்ஸ்வர்த்" சேர்த்தேன், தேடலில் அந்தப் பெயரில் உள்ள சொற்களும் அகப்படும். இதை 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், யோசித்துப் போடுங்கள். பயோவின் முதல் வரியில் என்ன பலகாரம், அடுத்ததில் எங்கெல்லாம் டெலிவரி, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், கடைசியில் "ஆர்டருக்குக் கீழே அமுக்கவும்". லிங்க் ஒன்றே ஒன்று. ஒன்றுக்கு மேல் போட்டால் முதலாவது மட்டும் தெரிந்து மற்றவை அதன் பின்னால் மறைந்துவிடும். ஹைலைட்டில் விலை, டெலிவரி, ஆர்டர் முறை. கடைசியாக எதில் புது ஸ்டோரி சேர்க்கிறோமோ அது முன்னால் வந்து நிற்கும், அதனால் விலையைக் கடைசியாகத் தொட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் இந்த முறை "முறுக்கு" என்றாள்.

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், முடியவில்லை. பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். இடைப்பக்கம் வேண்டுமென்றால் உங்கள் மின்னஞ்சலில் திறங்கள். பாக்கிப் பணம் கொடுக்கும் முன் வேறொருவர் போனிலிருந்து எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் எண்ணிலிருந்து செய்தி வந்திருக்கிறது: லிங்க் பக்கம் காலாவதியாகிறதாம், புதுப்பிக்க 350 ரேண்ட் கட்ட வேண்டுமாம்.