புத்தாடை வாரத்துக் குடும்பப் படச் சலுகை: 8,499 ரூபாய் போயிற்று, நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று மாலை அந்த ஃபிரேமைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை. இரவு முழுவதும் தூக்கமில்லை. தீபாவளிக்குப் பணம் கட்டிவிட்டு இன்னும் படத்துக்காகக் காத்திருப்பவர்கள் இருப்பீர்கள். கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கக் கிளம்புகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் திருச்சி. அக்டோபர் 20 தீபாவளி, அதற்கு முந்தைய வாரம் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தோம். பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை, மேலே பதாகை, அதில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். '499 ரூபாய்க்குக் குடும்பப் படம், 12க்கு 18 அங்குல ஃபிரேம் இலவசம், தீபாவளி அன்று முதல் சனிக்கிழமை வரை மட்டும்' என்று போட்டிருந்தது. மேசையில் இருந்த பெண் எங்கள் துணிக்கடைப் பில்லை வாங்கிப் பார்த்து, அதன் எண்ணைக் கூப்பனில் எழுதிக் கொடுத்தார். அதனால் கடையே நடத்துகிற சலுகை என்று நினைத்துவிட்டேன். பின்னால் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டபோது, "மேசை போட இடம் வாடகைக்குக் கொடுத்தோம், மற்றபடி எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

எங்களை இழுத்தது விலை அல்ல, அந்த வாரம்தான். அண்ணன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். மூன்று வருடத்துக்குப் பிறகு தீபாவளிக்கு வந்திருந்தான், வியாழக்கிழமை திரும்ப விமானம். அப்பத்தாவுக்கு 82 வயது. எல்லோரும் ஒரே நாளில் புதுத்துணி உடுத்தி ஒரே வீட்டில் இருப்பது இனி எப்போது வாய்க்குமோ தெரியாது. சலுகை போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த நாலைந்து நாள் போனால் துணி கசங்கிவிடும், ஆட்கள் பிரிந்துவிடுவார்கள், மறுபடி எடுக்க முடியாது. எங்களுடைய அந்த அவசரம்தான் அவர்களுக்கு வியாபாரம்.

தீபாவளி அன்று மாலை நான்கு மணிக்கு அவர்களுடைய ஸ்டூடியோவில் எங்களுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஒன்பது பேர். மாடிப்படி முழுக்க எங்களைப் போலவே புதுத்துணியில் குடும்பங்கள். ஒரு குடும்பம் வெளியே வர அடுத்தது உள்ளே, கால் மணி நேரம்கூட இல்லை. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் படக்காரர் செய்த ஒரு காரியத்தில் நாங்கள் எல்லோரும் உருகிவிட்டோம். அப்பத்தாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் காலடியில் மண்டியிட்டு, அரக்குப் பட்டின் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவிவிட்டார். முந்தானை முனையில் காலையில் தடவிய மஞ்சள் இருந்தது. அண்ணி அதை உள்ளே மடிக்கப் போனபோது, "வேண்டாம் அக்கா, அது தெரியட்டும், அதுதான் அழகு" என்றார். அப்பத்தாவிடம், "ஆத்தா, பேத்தி தோளில் கை வையுங்கள்" என்றார். அப்பத்தா சிரித்தார். அந்த நிமிடத்தில் அப்பா கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன சொல்லியிருந்தாலும் நாங்கள் சரி என்றுதான் சொல்லியிருப்போம்.

படம் எடுத்து முடித்ததும் பக்கத்து அறையில் கணினித் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். 42 படங்கள். எதிரே மேலாளர் என்று ஒருவர். கூப்பன் நான்கு பேருக்கு மட்டும்தானாம். மேற்கொண்டு ஒரு ஆளுக்கு 250 ரூபாய். அதை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கூப்பனின் பின்பக்கம் எறும்பு அளவு எழுத்தில் 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று மட்டும் இருந்தது. இலவச ஃபிரேமுக்கான படத்தையும் அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்களாம். மற்றப் படங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

இப்படிப் பயமுறுத்திவிட்டு அடுத்ததாக, "8,000 ரூபாய் பேக்கேஜ் எடுத்துக்கொள்ளுங்கள், ஆள் கணக்கு எதுவும் கிடையாது. பெரிய ஃபிரேம், 20 தாள் ஆல்பம், 42 படங்களும் பென்டிரைவில், பத்து நாளில் வீட்டுக்கே வரும்" என்றார். வெளியே அடுத்த குடும்பம் கதவைத் தட்டுகிறது. குழந்தை பசிக்கிறது என்று அழுகிறாள். அப்பா, "நல்ல நாள் அதுவுமாய்ப் பேரம் பேச வேண்டாம் அம்மா" என்றார். முழுத் தொகையையும் யூபிஐயில் அனுப்பினேன். பணம் போன பெயர் ஸ்டூடியோவின் பெயர்கூட இல்லை, யாரோ ஒரு தனி ஆள். பில் கேட்டேன். "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாட்ஸ்அப்பில் வரும்" என்று சொல்லிக் கூப்பனின் பின்னால் '8000 பெற்றுக்கொண்டோம்' என்று பேனாவால் கிறுக்கிக் கொடுத்தார். 499 ஏற்கெனவே கொடுத்தது. ஆக 8,499 ரூபாய். அந்தப் பில் இன்று வரை வரவில்லை.

மறுநாள் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பதற்காக 42 படங்களையும் ப்ரூஃப் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் ஸ்டூடியோவின் பெயர் குறுக்கே வெள்ளையாக ஓடியது. தேர்ந்தெடுத்து அன்றே எண்களை அனுப்பிவிட்டோம்.

பத்தாவது நாள் கேட்டேன், லேபில் நெருக்கடி என்றார்கள். பதின்மூன்றாம் நாள், ஆல்பம் வடிவமைக்கிறவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார்கள். அதற்குப் பிறகு என் எண்ணை எடுக்கவே இல்லை. என் கணவர் எண்ணிலிருந்து அழைத்தால் எடுத்தார்கள், எங்கள் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்கள். நேரில் போனேன். மேலாளர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். என் கண்ணெதிரிலேயே உள்ளறையிலிருந்து அவர் வெளியே போகிறார், கூப்பிட்டால் காதில் வாங்காமல் படியிறங்குகிறார். மண்டியிட்டுக் கொசுவம் நீவிய அந்தப் படக்காரர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

24ஆம் நாள், நேற்று, ஃபிரேம் தயார் என்று அழைப்பு வந்தது. ஆல்பம் பிறகு என்றார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் படம் போலத்தான் இருக்கிறது. கையில் எடுத்தால் அப்பத்தாவின் கண்ணிமை இல்லை, வெறும் நிழல். பட்டின் ஜரிகை மஞ்சள் சாயம் கொட்டினாற்போல் கரைந்து கிடக்கிறது. அந்த முந்தானை மஞ்சளை இந்த மஞ்சளிலிருந்து பிரித்தே பார்க்க முடியவில்லை. அண்ணனின் கட்டம் போட்ட சட்டையில் ஓரிடத்தில் மட்டும் கட்டங்கள் உடைந்து குழம்பியிருந்தன. ஏதோ துடைத்தாற்போல் இருந்தது.

என் சித்தி மகன் கலர் லேபில் பல வருடம் வேலை செய்தவன். ஃபிரேமைப் பார்த்ததும், "அக்கா, ப்ரூஃப் வந்ததா? அதை எடு" என்றான். அதே படத்தைக் கைப்பேசியில் திறந்து ஃபிரேமுக்குப் பக்கத்தில் பிடித்தான். சட்டையில் கட்டம் உடைந்த அதே இடத்தில்தான் ப்ரூஃபில் வெள்ளை எழுத்து ஓடுகிறது. அண்ணியின் கழுத்தோரம், அப்பாவின் கை என்று அந்த எழுத்து போகும் பாதை முழுக்க ஃபிரேமிலும் குழப்பம். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தில் பெயரை அழித்துவிட்டு அதையே பெரிதாக்கி அச்சடித்திருக்கிறார்கள்!

அவன் கணக்குப் போட்டுக் காட்டினான். அந்த ப்ரூஃபின் அகலம் 1,600 புள்ளிகள்தான். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. நல்ல அச்சுக்கு 300 வேண்டும், 200 இருந்தால்கூடச் சமாளிக்கலாம் என்றான். கேமராவின் அசல் படம் கையில் இருக்கிற எவனும் ப்ரூஃபிலிருந்து அச்சடிக்க மாட்டான், அசல் போய்விட்டது என்றுதான் அர்த்தம் என்றான். ஒரே நாளில் அத்தனை குடும்பங்கள் வந்தால், மெமரி கார்டைச் சரியாக நகல் எடுக்காமலே அடுத்தவர்களுக்காக அழித்திருப்பார்கள்.

உடனே ஸ்டூடியோவுக்குப் போனோம். அசலைக் காட்டுங்கள் என்று கேட்டோம். முதலில் ஹார்டு டிஸ்க் பழுது என்றார் மேலாளர். பிறகு, "படத்தின் உரிமை ஸ்டூடியோவுக்குத்தான், அசல் கொடுப்பது வழக்கமில்லை" என்றார். பென்டிரைவில் தருவதாகச் சொல்லித்தானே பணம் வாங்கினீர்கள்? அதுவும் போக, இந்த உரிமைப் பேச்சும் பொய். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவைப் பாருங்கள். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். நாங்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

கடைசியில் அவர் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். "இன்னொரு நாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இலவசமாக எடுத்துத் தருகிறோம்." அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். எங்கிருந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவது? பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு, ஃபிரேம் கொடுத்தாயிற்று, பணம் திரும்ப வராது என்றார். 8,499 ரூபாய்க்கு ஒரு கலங்கிய படம், அவ்வளவுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915க்கு இன்று காலை அழைத்துப் புகார் பதிந்தேன். கூப்பன், யூபிஐ ரசீது, ப்ரூஃப், ஃபிரேமின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அவர்கள் பணியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்த அன்றே, அங்கிருந்து கிளம்பும் முன்பே, கேமராவிலிருந்து அசல் படங்களை உங்கள் பென்டிரைவில் ஏற்றி வாங்குங்கள். பத்து நிமிட வேலை, மறுத்தால் முழுப் பணம் கொடுக்காதீர்கள். கூப்பன் எத்தனை பேருக்கு என்று வாங்கும்போதே எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல், தனி ஆள் பெயருக்குப் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ப்ரூஃபை அழிக்காமல் வைத்திருங்கள், ஃபிரேம் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்று அந்த ஸ்டூடியோ வாசலில் புதுப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கிறிஸ்துமஸ் புத்தாடை வாரம், 499 மட்டும்', கீழே அதே சிரிக்கும் குடும்பம். துணிக்கடைகளில் அந்த மேசை இந்த வாரமே வந்துவிடும். துணி எடுக்கப் போகிற உங்கள் வீட்டு ஆட்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.