இலவச விபிஎன் போடும் முன் ஓனவோ கதையைப் படித்துவிடுங்கள்

‘உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்’ என்று கூவி விற்ற ஓனவோ ப்ரொடெக்ட் என்ற இலவச விபிஎன் ஆப், அந்தத் தகவலைத் தன் முதலாளிக்கே அள்ளிக் கொடுத்தது. அந்த நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியிருந்தது. யார் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம், போட்டி ஆப்களின் வளர்ச்சியை அளக்கப் போய்க்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலிருந்து அது வெளியேறியது. ஆப் ஸ்டோர் விளம்பரத்தில் இதைச் சரியாகச் சொல்லவில்லை என்று ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023 ஜூலையில் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

இதற்கு ஹேக்கிங் எதுவும் தேவைப்படவில்லை. விபிஎன் வேலை செய்யும் முறையே அப்படித்தான்: உங்கள் போனிலிருந்து போகும் எல்லாமே பூட்டிய ஒரு சுரங்கம் வழியாக விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போகும்.

காபிக் கடை வைஃபையில் உங்கள் வங்கித் தளத்தைத் திறக்கிறீர்கள். விபிஎன் இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டு கடைக்காரருக்குத் தெரியாது. அதை https ஏற்கெனவே மூடிவிடுகிறது. எந்த வங்கியின் தளம் என்பது மட்டும் தெரியும். விபிஎன் போட்டால் அதுவும் மறையும். ஏதோ ஒரு சர்வரோடு இத்தனை மணிக்கு இவ்வளவு டேட்டா போய் வந்தது என்பதே மிஞ்சும். ஆனால் தளத்தின் பெயர் இப்போது விபிஎன் நிறுவனத்தின் கண்ணில் படுகிறது. பார்க்கும் ஆள் மாறினாரே தவிர, ஒழியவில்லை. ‘பதிவே வைப்பதில்லை’ என்ற வாக்குறுதியை உங்கள் போனிலிருந்து சோதிக்க வழியில்லை.

லாகின் செய்த தளத்துக்கு, விபிஎன்னால் உங்கள் ஐபி முகவரி மாறினாலும் நீங்கள் யார் என்று தெரியும். இடம் அறிய அனுமதி வாங்கிய ஆப், ஜிபிஎஸ் வழியே உங்கள் தெருவைக் காட்டும். போலி வங்கித் தளத்தில் ஓடிபி தட்டினால், அந்த ஓடிபி பத்திரமான சுரங்கம் வழியாகத் திருடனிடம் போய்ச் சேரும்!

சொன்ன வேலையையாவது செய்கிறதா என்று பார்க்கலாம். விபிஎன்னை அணைத்துவிட்டு dnsleaktest.com போய் Standard test அழுத்துங்கள். வரும் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விபிஎன்னைப் போட்டு மறுபடி அழுத்துங்கள். உங்கள் இன்டர்நெட் நிறுவனத்தின் பெயர் இன்னும் வந்தால், தளப் பெயர்களைத் தேடும் கேள்விகள் சுரங்கத்துக்கு வெளியே கசிகின்றன. அந்த ஆப்பைத் தூக்கிவிடுங்கள்.

வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது சுரங்கம் சில நொடி அறுந்து, எல்லாம் திறந்த வழியில் போகலாம். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் VPN பக்கம் போய், ஆப்பின் பக்கத்துப் பல்சக்கரத்தைத் தட்டி, Always-on VPN, Block connections without VPN இரண்டையும் ஆன் செய்யுங்கள். அதன்பின் அவ்வப்போது நெட் நின்றுபோகும்; சுரங்கம் அறுந்த நேரத்தில் அப்படி நிற்பதுதான் சரி.