சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் எந்த வாரக் கணக்கு? பைவட் டேபிளோடு என் அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்க்கிறேன். ஆளுக்கு வாரம் எத்தனை மணி நேரம் வேலை என்பதை எக்செல் பைவட் டேபிளில் எடுக்க ஆரம்பித்துச் சில வருஷம் ஆகிறது. பஞ்ச் மெஷினில் இருந்து இறங்கும் ஃபைலில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி. நாற்பது பேர் என்றால் மாதத்துக்கு ஆயிரம் வரிக்குக் கிட்ட வந்துவிடும். பைவட்டுக்கு அதைச் சுருக்குவது நொடி வேலை. ஆனால் அது காட்டும் எண் சரியா தப்பா என்பது அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது, எந்தத் தேதி வரை வரிகளை எடுக்கிறோம், இந்த இரண்டில்தான் எல்லாம் இருக்கிறது.

பைவட்டிலேயே வாரம் பிரிக்க ஒரு வழி உண்டு. தேதியில் ரைட் கிளிக் செய்து Group போய், Days மட்டும் தேர்ந்து, எண்ணிக்கை 7 என்று கொடுத்தால் ஏழேழு நாளாகக் கட்டித் தரும். சிக்கல் என்னவென்றால், தொடக்கத் தேதியை நாம் கொடுக்காவிட்டால் ஃபைலில் இருக்கும் முதல் தேதியில் இருந்தே எண்ண ஆரம்பிக்கும். 2025 ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை. அப்போது வாரம் என்பது வெள்ளி முதல் வியாழன் வரை ஆகிவிடும். எண்கள் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதனால் நான் Group பக்கம் போவதில்லை. வாரத் தொடக்கத்தை வரியிலேயே ஒரு காலமாக, அதாவது நெடுவரிசையாக, எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு வாரம் ஞாயிறில் தொடங்குகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்தைச் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள் என்று வரையறுத்திருந்தது. வாரத்துக்கு 48 மணி, நாளுக்கு 9 மணி, அதற்கு மேல் போனால் ஓ.டி. என்பதும் அதில் இருந்ததுதான். மில்லில் அந்த வழக்கப்படியே கணக்கு நடக்கிறது.

வரிகளை முதலில் Ctrl+T அடித்து டேபிளாக மாற்றிக்கொள்கிறேன். அப்போதுதான் அடுத்து ஒட்டும் வரிகளும் Refresh கொடுத்தால் பைவட்டுக்குள் வரும். காலங்கள்: Code, Date, In, Out, Break. Break மட்டும் மணிக் கணக்கில், அரை மணி என்றால் 0.5. அதற்குப் பக்கத்தில் Hours, WeekStart என்று இரண்டு காலம் சேர்க்கிறேன்.

```
Hours:
=IF(COUNT([@In],[@Out])<2,0,MOD([@Out]-[@In],1)*24-[@Break])

WeekStart:
=[@Date]-WEEKDAY([@Date])+1
```

நெல் அவிக்கிற ஆட்கள் ராத்திரி பத்து மணிக்கு வந்து காலை ஆறரைக்குப் போவார்கள். வெளியே போன நேரத்தில் இருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழித்தால் மைனஸ் வரும். MOD அதை நேராக்கி எட்டரை மணி என்று தருகிறது, இடைவேளை போக 8. ஏன் 24-ஆல் பெருக்குகிறேன் என்றால், எக்செல்லுக்கு ஒரு நாள் என்பது 1. பெருக்காமல் அப்படியே நேரமாகக் கூட்டினால் செல்லுக்கு `[h]:mm` என்று ஃபார்மட் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 48 மணி என்பது பூஜ்யமாகத் தெரியும்.

முன்னால் நிற்கும் COUNT-ஐத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வெளியே போகும் பஞ்ச் விடுபட்டால் அந்தச் செல் காலி. எக்செல் அதை நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்கு வந்தவருக்கு 17.5 மணி என்று விழும், ராத்திரி பத்து மணிக்கு வந்தவருக்கு 1.5 மணி. முதலாவது கண்ணில் படும், இரண்டாவது வாரக் கூட்டலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். COUNT இருந்தால் இரண்டுக்கும் 0 வரும். Hours காலத்தில் 0 என்று ஃபில்டர் போட்டு, அந்த வரிகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டுச் சரிசெய்த பிறகுதான் பைவட்.

பைவட்டில் Code வரிசைக்கு, WeekStart மேலே, Hours மதிப்புக்கு. பெயரைப் போடாமல் குறியீட்டைப் போடுவதற்குக் காரணம், பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தால்கூட ஒரே ஆள் இரண்டு ஆளாக நிற்பார். Hours-ஐ இழுத்துப் போட்டதும் Sum வருகிறதா, Count வருகிறதா பாருங்கள். Count வந்தால் அந்தக் காலத்தில் எங்கோ எழுத்தோ வெற்றுச் செல்லோ இருக்கிறது. புதிய எக்செல் சிலவற்றில் WeekStart தானாகவே மாதமாக மடங்கிக்கொள்ளும், ரைட் கிளிக் செய்து Ungroup கொடுத்தால் போதும்.

இப்போது மாத எல்லைக்கு வருகிறேன். ஆகஸ்ட் வரிகளை மட்டும் போட்டால் ஆறு வாரம் மேலே நிற்கும். முதல் வாரத்தில் வெள்ளி, சனி இரண்டே நாள். கடைசி வாரத்தில் 31-ஆம் தேதி ஞாயிறு மட்டும். இதில் ஓ.டி. எப்படித் தொலையும் என்று ராத்திரி ஷிப்ட் ஆள் ஒருவரை வைத்துச் சொல்கிறேன். ஜூலை 28 திங்கள் முதல் 31 வியாழன் வரை அவர் காலை ஏழு மணி வரை நின்றார், அதனால் நாளுக்கு 8.5 மணி. வெள்ளியும் சனியும் 8 மணி. எந்த நாளும் 9-ஐத் தாண்டவில்லை. ஜூலை ஷீட்டில் அந்த வாரம் 34, ஆகஸ்ட் ஷீட்டில் 16. இரண்டும் 48-க்கு வெகு கீழே. சேர்த்தால் 50. அவருக்குச் சேர வேண்டிய இரண்டு மணி ஓ.டி. இரண்டு ஷீட்டிலும் இல்லை.

அதனால் சம்பள மாதம் எதுவானாலும் ஓ.டி.க்கு முழு வாரங்களையே எடுக்கிறேன். சனிக்கிழமை எந்த மாதத்தில் விழுகிறதோ, அந்த வாரம் அந்த மாதத்துக்கு. ஆகஸ்ட் கணக்கு ஜூலை 27 ஞாயிறில் தொடங்கி ஆகஸ்ட் 30 சனியில் முடியும், சரியாக ஐந்து வாரம். 31-ஆம் தேதி செப்டம்பருக்குப் போகும். நாள் கணக்குச் சம்பளம் தனி, அதற்கு இந்த ஷீட்டைத் தொடுவதே இல்லை.

ஆகஸ்ட் 2 சனிக்கிழமை ராத்திரி பத்துக்கு வந்து ஞாயிறு காலை ஆறரைக்குப் போகிறவரின் நேரம் எந்த வாரத்தில் சேரும்? அதே சட்டத்தில், நள்ளிரவு தாண்டும் ஷிப்டில் பன்னிரண்டுக்குப் பிறகு பார்த்த வேலையும் முந்தைய நாளோடு சேரும் என்று இருந்தது. அதாவது வந்த தேதிதான் கணக்கு. Date காலத்தில் உள்ளே வந்த தேதி இருக்கும் வரை WeekStart தானாகச் சரியாக வரும். சில மெஷின் ஃபைல்கள் காலை பஞ்சை மறுநாள் வரியாகத் தனியே போடும். அவற்றை முதலில் ஒரே வரிக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் எந்தச் சூத்திரமும் உதவாது.

எனக்கு இதில் மிகப் பிடித்தது டபுள் கிளிக். "அண்ணாச்சி, போன வாரம் ரெண்டு மணி கொறையுதே" என்று ஒருவர் வந்து நின்றால், அவர் குறியீட்டுக்கு நேரே அந்த வாரத்துச் செல்லை டபுள் கிளிக் செய்வேன். அந்த எண்ணுக்குள் இருக்கும் வரிகள் மட்டும் புது ஷீட்டில் திறக்கும். எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்று அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். பார்த்து முடித்ததும் அந்தப் புது ஷீட்டை அழித்துவிடுவேன். அதில் திருத்தினால் மூலத்தில் ஏறாது.

48-க்கு மேற்பட்டதை எடுக்க பைவட்டுக்கு வெளியே `=MAX(0,B5-48)` என்று கையால் தட்டுகிறேன். செல்லைக் கிளிக் செய்தால் GETPIVOTDATA என்று நீளமாக வந்து, கீழே இழுத்தால் எல்லா வரியிலும் ஒரே ஆளின் மணியையே காட்டும். கோயில் கொடை வாரங்களில் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள், அந்தச் செல்கள் காலியாக இருந்தாலும் இந்தச் சூத்திரம் 0 தரும்.

வாரக் கூட்டல் காட்டாத ஒன்று, நாளுக்கு 9 மணி தாண்டியது. ஒருவர் ஒரே நாளில் 11 மணி நின்று, இன்னொரு நாள் லீவு போட்டால் வாரம் 48-க்குள்தான் வரும். பிசான அறுவடை நேரத்தில் இது அடிக்கடி நடக்கும். அதற்காக டேபிளிலேயே `=MAX(0,[@Hours]-9)` என்று ஒரு காலம் வைத்து, பைவட்டில் இரண்டாவது மதிப்பாகச் சேர்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு வகையும் வந்தால் ஒரே மணியை இரண்டு தடவை கொடுத்துவிடாமல் இருக்க, இரண்டில் எது அதிகமோ அதை எடுக்கிறோம். அந்த வாரங்களை மட்டும் இன்றைக்கும் வரி வரியாகப் பார்த்துத்தான் முடிக்கிறேன்.