தோளை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள்

தீபாவளிக்கு எடுத்த ரெடிமேட் சட்டை தோளில் தொங்குகிறது, கையும் நீளம், எதை முதலில் ஆல்டர் பண்ணக் கொடுக்க என்று மச்சினன் கேட்டான். நானும் வருஷக்கணக்காக ஆல்டர் பண்ணின சட்டைகளையே போடுகிறவன். தோளைத்தான் முதலில் கொடுக்கச் சொன்னேன்.

அவன் சட்டைக்குத் தோள் பத்தொன்பது அங்குலம், அவனுக்குப் பதினேழரை. பக்கத்துக்கு முக்கால் அங்குலம் உள்ளே வர வேண்டும். தோளை உள்ளே தள்ளினால் கையும் அதே முக்கால் அங்குலம் மேலே ஏறிவிடும். மணிக்கட்டுக்குக் கீழே ஒரு அங்குலம் தொங்கிய கையில் மிச்சம் கால் அங்குலம்தான். காட்டன் என்றால் அதையும் முதல் சலவை இழுத்துக்கொள்ளும்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். டவுனில் நான் கொடுத்த ஒரு கடையில் முதலில் கஃபைப் பிரித்துக் கையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டார்கள். தோளை அப்புறம் பிடித்ததும் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. வெட்டின துணியை எங்கே போய்த் தேட? அவசர வேலை என்றால் தோள் தையலிலேயே ஒரு மடிப்பு பிடித்தும் தந்துவிடுகிறார்கள். கையைத் தூக்கினால் அந்த இடம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

முறையாகச் செய்தால், மேல்பாதியில் கையைப் பிரித்து, தோள் முனையில் முக்கால் அங்குலம் வெட்டி, அக்குளுக்குப் போகும் வழியில் பாதியிலேயே அந்த வெட்டை ஒன்றுமில்லாமல் கரைத்துவிட வேண்டும். அக்குளில் கத்தரி படக் கூடாது. பிறகு கையின் உச்சியைத் தோள் தையலோடு பொருத்தி மூட்ட வேண்டும். தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார்ந்தால் வேலை சரி. ஒரு அங்குலத்துக்கு மேல் பிடித்தால் பாக்கெட் கைத்தையலை ஒட்டி வந்துவிடும், முன்பக்கமும் இழுக்கும். தோள் இறுக்கமான சட்டைக்கோ வழியே இல்லை. ரெடிமேடில் பிரித்துவிட உள்ளே துணி இருக்காது.

கீழ் மடிப்பு சின்ன வேலை. ஒருமுறை துவைத்த பிறகு கொடுங்கள். சட்டையின் வளைவை அப்படியே வைத்துக் கால் அங்குலத்தில் ஒடுக்கமாக மடிக்கச் சொல்லுங்கள். அகல மடிப்பு வளைவில் சுருங்கும். பேண்ட் என்றால் போடுகிற செருப்போடு அளவு கொடுத்து, உள்ளே ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் இப்போது நான் கொடுக்கும் அண்ணாச்சி தோள் பிடித்த சட்டைகளைப் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தது போலவே இருக்கும். இருந்தாலும் மச்சினனிடம், தோள் உட்காராத சட்டையை இனி எடுக்காதே என்றுதான் சொன்னேன். இடுப்புத் தொளதொளப்பைச் சைடு பிடித்துத் தர எந்தக் கடையும் போதும். தோளுக்கு நல்ல கை தேடி அலைய வேண்டியிருக்கிறது.