செவ்வக ஹிட்பாக்ஸா, உருவத்தின் விளிம்பா?

அடி பட்டதா என்று கேம் சோதிப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் உருவத்தை அல்ல, அதன்மேல் மறைவாக வைத்த ஹிட்பாக்ஸை. 2டி கேம் செய்பவர்கள் அதைச் செவ்வகமாக வைப்பதா, உருவத்தின் விளிம்பையே பின்பற்றுவதா என்று தயங்குகிறார்கள்.

வேகம்: செவ்வகத்துக்கு நான்கு ஒப்பீடுகள் போதும். விளிம்புக்கு, 32×32 படத்தில் 1,024 பிக்சல் வரை பார்க்க நேரும்.

நிலைத்தன்மை: முடிவைத் தீர்மானிப்பது இதுதான். ஓடும்போது கையும் வாளும் ஒவ்வொரு ஃபிரேமிலும் நீண்டு சுருங்கும். விளிம்பை நம்பினால், சுவரோரம் திரும்பும் வீரனின் வாள் சுவருக்குள் புகுந்து அவன் சிக்கிக்கொள்வான். செவ்வகம் மாறுவதில்லை.

நியாயம்: முடி நுனியில் தோட்டா உரசியே உயிர் போனால் ஆடுபவர் ஏமாற்றமாக உணர்வார். உடலைவிடச் சிறிய செவ்வகம் அதைத் தவிர்க்கும். தோட்டா மழை கேம்களில் அது உடலின் நடுவே சில பிக்சல் மட்டுமே.

ஓடிக் குதிக்கும் கேமுக்குச் செவ்வகமே சரி. கோணல்மாணலான பெரிய விண்கல்லுக்கு விளிம்பு பொருந்தும்.