வள்ளி கும்மிப் பாட்டு: எந்த ஸ்பீக்கர் சொன்னதை நம்புவது?

பெருந்துறையில் எங்கள் மாடி அறை 12 அடி நீளம், 10 அடி அகலம். அங்கே ஒரு வள்ளி கும்மிப் பாட்டை மிக்ஸ் செய்தேன். ஆசிரியர் குரல், பின்பாட்டு, கைத்தட்டல், பம்பை, அடியில் கீபோர்டு பேஸ். ரூம் ஸ்பீக்கரில் நிறைவாக இருந்தது. இயர்போனில் பேஸ் குமுறி, பம்பையை அமுக்கியது. லேப்டாப்பிலோ பேஸ் இருந்த சுவடே இல்லை.

பேஸை ரூம் ஸ்பீக்கரில்தான் முடிவு செய்ய வேண்டும் என்பார்கள். எதிரொலியை அடக்கிய பெரிய அறைக்கு அது சரி. எங்கள் அறையில் 12 அடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி நின்றுவிடுகிறது. சுவரோரம் அது பெருக்கும், நீளத்தின் நட்டநடுவில் ஏறக்குறைய மறையும். என் நாற்காலி கிடந்தது நட்டநடுவில். பாட்டின் முக்கியமான பேஸ் சுரம் 46 ஹெர்ட்ஸ். காதில் விழவில்லையே என்று 5 டெசிபல் ஏற்றிவிட்டேன். உங்கள் அறையிலும் இப்படியா என்று பார்க்க, அந்த ஒரு சுரத்தை மட்டும் ஓடவிட்டு நாற்காலியிலிருந்து பின்சுவர் வரை நடந்து பாருங்கள். போகப்போகப் பெருத்தால் குறை மிக்ஸில் இல்லை, உட்கார்ந்த இடத்தில். நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலரை அடிக்கு நகர்த்தினேன், நிறையவே தெளிந்தது.

இயர்போனுக்கு அறைச் சிக்கல் கிடையாது. காதில் இறுக்கமாக உட்கார்ந்தால் போதும், தளர்ந்தால் பேஸ் ஒழுகிவிடும். அதனால் இந்த அறையில் பேஸ் அளவை இயர்போனிடமே விட்டேன். ஏற்றிய 5 டெசிபலையும் இறக்கினேன். ஆனால் ஒலி இடவலமாக விரியும் அகலத்தில் இயர்போனை நம்பக்கூடாது. கைத்தட்டலை இரண்டாகப் பிரதியெடுத்து, ஒன்றை இடக்கோடியிலும், 12 மில்லி நொடி தாமதித்த மற்றதை வலக்கோடியிலும் வைத்திருந்தேன். ஒவ்வொரு காதுக்கும் ஒரு பக்கம் மட்டுமே போவதால் களமே விரிந்ததுபோல் இருந்தது.

லேப்டாப்பில் இரு ஸ்பீக்கரும் ஒட்டி இருப்பதால் இரண்டு தட்டலும் கலந்து, சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. டப்பாவுக்குள் தட்டியதுபோல் ஆகிவிட்டது. இடத்தையும் வலத்தையும் ஒன்றாகக் கலக்கும் மோனோ பட்டனை அழுத்தினாலும் அதே சத்தம். தாமதத்தை எடுத்துவிட்டு, தனியாகப் பதிந்த இன்னொரு டேக்கை மறுபக்கம் வைத்ததும் சரியானது.

அப்புறம் பேஸ். லேப்டாப்பில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. 46 ஹெர்ட்ஸை எவ்வளவு ஏற்றினாலும் வீண். ஒலியலையை லேசாகச் சிதைக்கும் சாச்சுரேஷனை பேஸில் கொஞ்சம் சேர்த்தேன். 92, 138, 184, 230, 276 என்று மடங்கொலிகள் எழுந்தன. 230, 276 போன்ற மேல் மடங்குகளைக் கேட்டே காது அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது.

என்னைக் கேட்டால், குரலின் அளவுக்கு மூன்றிலும் லேப்டாப்தான் சிறந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்து, ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பம்பைக்கு மேலே தெரிகிறதா என்று பார்க்கலாம். அதற்கு முன் லேப்டாப்பின் ஒலி மெருகேற்றும் அமைப்புகளை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது உங்கள் மிக்ஸே அல்ல.